ஷெட் கூரை: ஆஸ்பெஸ்டாஸா, ஜி.ஐ. தகரமா, பாலிகார்பனேட்டா?

வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 10 அடி வண்டி ஷெட். அதன் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துவிட்டு ஜி.ஐ. ஷீட் போட்டோம். அதனால் நான் தகரத்தின் பக்கம்தான் பேசுவேன்.

வெயிலில் தகரம் அதிகம் சுடும், மழையில் சத்தம் போடும், விலையில் ஆஸ்பெஸ்டாஸ்தான் மலிவு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆள் படுக்காத ஷெட்டில் சூட்டையும் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் பார்த்தது வேறு: கூரையைக் கழற்ற வேண்டிய நாளில் அந்த ஷீட்டை யார் வாங்குவார்கள்?

துருப்பிடித்த தகரத்தைக்கூட பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துப் போவார். ஆஸ்பெஸ்டாஸை உருக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. கடைசியில் அது வேலி மறைப்பாகவோ, உடைத்துப் பள்ளம் நிரப்பும் சல்லியாகவோதான் போகிறது. உடைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட், சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் நார். முழுசாக இருக்கும்வரை நார் சிமெண்டுக்குள் பிடிபட்டிருக்கும். உடைத்தாலோ, அறுத்தாலோ, பாசி போகத் தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கிளம்பி நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் புற்றுநோய் 20, 30 வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். வெள்ளைக் கல்நாருக்கும் இது பொருந்தும்.

அதனால், விரிசல் இல்லாமல் ஒழுகாமல் இருக்கும் கூரையை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம், அப்படியே விடுவதே நல்லது. எங்கள் ஷீட்டுகளின் ஓரம் பொடிந்து உதிர ஆரம்பித்திருந்ததால் பிரித்தோம்.

காற்று அடிக்காத காலை நேரம் இதற்கு ஏற்றது. கர்ச்சீப்போ துணி மாஸ்க்கோ இந்த இழைகளைத் தடுக்காது. பி100 ஃபில்டர் மாட்டிய அரைமுக மாஸ்க் வேண்டும், அது முகத்தோடு ஒட்டி உட்கார தாடியை மழித்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த தண்ணீரை மெல்லிய பூவாளித் தூவலாக விட்டு ஷீட்டை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், இது ஊறும். ஷீட்மேல் கால் வைக்கவே கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் உடையும், ஆள் நேராகக் கீழே விழுவார். கீழே சாரம் கட்டி, துருவேறிய ஜே போல்ட்டை போல்ட் கட்டரால் வெட்டி, இரண்டு பேராக ஷீட்டை முழுசாக இறக்க வேண்டும். 10 அடி ஷீட் ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்கிப் போட்டால் அத்தனையும் தூள்தான்.

இறக்கியதைத் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டி, மேலே ‘கல்நார்’ என்று எழுதினோம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பொட்டலத்தில் போட்டோம். வேலை செய்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் இந்த மாதிரிக் கழிவுக்கான நிலநிரப்புத் தளம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்கே சேர்க்கும் வழியை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அதுவரை பொட்டலங்கள் சுவரோரம், மரக்கட்டை மேல், மழை படாமல் இருக்கின்றன.

சரி, தகரம் வாங்கும்போது எதைப் பார்ப்பது? கனத்தையும் துத்தநாகப் பூச்சையும். 0.5 மி.மீ. என்று சொல்லி மெல்லியதைத் தள்ளிவிடுவது உண்டு. எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: அந்தக் கனத்தில் எங்கள் கூரை முழுவதுக்கும் 85, 90 கிலோ வரும், அதைவிட நன்றாகக் குறைந்தால் கனம் குறைவு. பூச்சு சதுர மீட்டருக்கு 120 கிராமிலும் கிடைக்கும், 275 கிராமிலும் கிடைக்கும். கடலோர ஊரில் 275-க்குக் கீழே போகாதீர்கள். கிரைண்டர் வைத்து வெட்டினால் வெட்டு ஓரத்தில் பூச்சு எரிந்து அங்கிருந்தே துரு ஏறும், தகரக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூவை ரப்பர் வாஷரோடு அலையின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே இறங்கும்.

பாலிகார்பனேட்டை வெளிச்சத்துக்காக ஒரே ஒரு ஷீட் மட்டும் நடுவில் போட்டிருக்கிறோம், அதை வைத்து முழுக் கூரைக்கு என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு பக்கம்தான் புற ஊதாப் பூச்சு இருக்கும், ஒட்டியிருக்கும் பிலிமில் எழுதியிருப்பதைப் பார்த்து அந்தப் பக்கம் வானத்தை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கும். வெயிலில் 10 அடி ஷீட் 7, 8 மி.மீ. வரை நீளும் என்பதால் ஓட்டையை ஸ்க்ரூவைவிடப் பெரிதாகப் போட வேண்டும். முழுக் கூரையாகப் போட்டால் உள்ளே வெயில் நேராக இறங்கும்.