டவ்டெயில் ஸ்லாட்டை எதை வைத்து அளப்பது: வெர்னியரா, ஜோடிப் பாகமா, ரோலரா?

மதுரை கப்பலூர், கே.புதூர் பக்கம் மில்லிங் வேலை எடுக்கும் பட்டறைகளில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம். "அண்ணே, வெர்னியர்ல சரியாத்தான் இருந்துச்சு, பார்ட்டி அளவு தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." வாய் குறுகி அடி அகன்ற டவ்டெயில் ஸ்லாட் வேலை என்றால் இந்தப் பேச்சு இன்னும் அதிகம். அளந்தவர் மேல் தப்பில்லை. அளக்க முடியாத இடத்தில் வெர்னியரை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 60 டிகிரி டவ்டெயில் ஸ்லாட், ஆழம் 20 மி.மீ. அடியில் இரண்டு மூலைக்கும் நடுவே அகலம் 80 மி.மீ., அதற்கு மேல் 0.05 வரை போகலாம், குறையக் கூடாது. படத்தில் காட்டும் அந்த 80 என்பது அடித்தளமும் சாய்வுப் பக்கமும் கூர்மையாகச் சந்திக்கும் புள்ளியிலிருந்து எதிர்ப்புள்ளி வரை. நிஜப் பாகத்தில் அந்தப் புள்ளியே கிடையாது. கட்டர் முனையின் ரேடியஸ் அங்கே நிற்கும், இல்லையென்றால் ரிலீஃப் காடி வெட்டியிருப்பார்கள். வெர்னியரின் உள்தாடை போய்த் தொடுவது அந்த ரேடியஸைத்தான். மேல் வாயை அளந்து கணக்குப் போடலாம் என்றால் அங்கேயும் சிக்கல். பர் எடுக்க அரம் போட்ட விளிம்பில், தாடை எங்கே தொடுகிறது என்பதை வைத்தே ரீடிங் மாறும். அதனால் தோராயமாகப் பார்க்க மட்டும் வெர்னியர் போதும், பாஸ் பண்ண ஆகாது.

ஸ்லாட்டுக்குள் ஓடப்போகும் ஸ்லைடு என்ற ஜோடிப் பாகத்தை ஓட்டிப் பார்ப்பது அடுத்த வழி. ஸ்லைடில் நீலம் தடவி ஸ்லாட்டுக்குள் ஓட்டினால் எங்கே தொடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஸ்க்ரேப்பிங் செய்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எண் கிடைக்காது. இறுகினால் அகலம் குறைவா, கோணம் தப்பா, இல்லை ஸ்லைடே பெரிதா என்று தெரியாது. ஸ்லைடு வேறு ஊரில் தயாராகிறது என்றால் இந்த வழிக்கே இடமில்லை. ஒரே ஸ்லாட்டை நூற்றுக்கணக்கில் போடுகிறவர்கள் டெம்ப்ளேட் கேஜ் செய்துகொள்ளலாம். அந்த டெம்ப்ளேட்டையும் எதையாவது வைத்து அளந்துதான் ஆக வேண்டும்.

அந்த "எதையாவது" ரோலர்தான். ஒரே விட்டமுள்ள இரண்டு ரோலர்களை இரு மூலைகளிலும் படுக்க வைக்கிறோம். ஒவ்வொன்றும் அடித்தளத்தை ஒரு கோட்டிலும் சாய்வை ஒரு கோட்டிலும் தொடும். ஸ்லாட்டுக்குள் என்பதால் ரோலர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் துல்லிய அளவுக் கட்டைகளான ஸ்லிப் கேஜால் அளக்க வேண்டும்.

```
M = W - d × (1 + cot(θ/2))
```

M ரோலர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, W அடி அகலம், d ரோலர் விட்டம், θ டவ்டெயில் கோணம். 60 டிகிரிக்கு cot 30 என்பது 1.73205, அதனால் அடைப்புக்குள் 2.73205. கால்குலேட்டரில் 1 ÷ tan 30 என்று போட்டால் வந்துவிடும். ஸ்லைடின் ஆண் டவ்டெயிலுக்கும் இதே கணக்குதான். அங்கே W குறுகிய அடி அகலம், கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும், மைக்ரோமீட்டரை ரோலர்களுக்கு மேலாகப் பிடிக்க வேண்டும்.

10 மி.மீ. ரோலர் போட்டால் M = 80 − 27.320 = 52.680. டாலரன்ஸோடு 52.680 முதல் 52.730 வரை வந்தால் பாஸ். ரோலர் தொடும் இடம் மூலையிலிருந்து 8.66 மி.மீ. தள்ளி இருப்பதால் மூலையில் அரை மி.மீ. ரேடியஸ் இருந்தாலும் கணக்குக் கெடாது. வெர்னியரிடம் இல்லாத பலம் இதுதான். 60 டிகிரியில் சாய்வைத் தொடும் உயரம் விட்டத்தில் முக்கால் பங்கு, அதாவது 10 ரோலருக்கு 7.5 மி.மீ. உயரம். 20 ஆழத்தில் அது சாய்வின் நல்ல பகுதிதான்.

ரோலருக்குப் பட்டறையில் டவல் பின்னையே எடுத்துக்கொள்வார்கள். எடுக்கலாம், ஆனால் 10 என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. எம்6 டாலரன்ஸ் பின் 10.006 முதல் 10.015 வரை இருக்கும். பின் 10.010 இருந்து நாம் 10 என்று போட்டால், பிழை 2.73 மடங்காகி 0.027 மி.மீ. ஆகிவிடும். பாதி டாலரன்ஸ் அங்கேயே போச்சு. மைக்ரோமீட்டரில் அளந்த விட்டத்தைத்தான் கணக்கில் போட வேண்டும், இரண்டு பின்னும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது ஒரே ஜோடி ரோலர் வழி. இதற்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கோணம் சரியாக 60 என்று நாமே வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறோம். மறுபடி சாணை பிடித்த கட்டரில் கோணம் சில மினிட் தள்ளியிருப்பது சாதாரணம். பத்து மினிட் தள்ளினால் 10 ரோலர் ரீடிங் 0.058 மி.மீ. மாறும், டாலரன்ஸையே தாண்டிவிடும். அதனால் எனக்குப் பிடித்தது இரண்டு அளவு ரோலரால் அளப்பதுதான்.

நம் ஸ்லாட்டில் 10 ரோலருக்கு ரீடிங் 52.760 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஜோடிக் கணக்கில் W = 80.080. அகலம் 0.03 கூடிவிட்டது, ரிஜெக்ட். இப்போது 16 ரோலரையும் போட்டு 36.400 என்று எடுக்கிறோம். இரண்டு ரீடிங்கின் வித்தியாசம் 16.360. ரோலர் விட்ட வித்தியாசமான 6-ஆல் வகுத்தால் 2.7267. கோணத்தைத் தெரியாமலே அடைப்புக்குள் இருக்கும் எண் கிடைத்துவிட்டது. அதைப் போட்டால் W = 52.760 + 27.267 = 80.027. அகலம் டாலரன்ஸுக்குள்தான் இருக்கிறது! 2.7267-இல் 1-ஐக் கழித்துத் திருப்பிப் பார்த்தால் கோணம் 60 டிகிரி 9 மினிட். பழுது இருப்பது கோணத்தில்.

இதற்கு ஸ்லிப் கேஜ் இல்லாமல் முடியாது. வித்தியாசத்தில் 0.02 தப்பினால் W-இல் 0.03-க்கு மேல் தப்பும், அதனால் 0.02 வெர்னியரால் இந்தக் கணக்கைப் போடுவது வீண். எண்ணெய் துடைத்து, பர் எடுத்து, ரோலரை விரலால் அழுத்தி ஆடாமல் உட்கார்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்லிப்பை நுழைக்க வேண்டும். லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். ஸ்லாட்டின் இரு முனையிலும் நடுவிலும் எடுத்தால் இணையாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இன்னொரு எல்லையும் உண்டு: கிடைக்கும் கோணம் இரண்டு பக்கத்தின் சராசரி. ஒரு பக்கம் 60 ஆகவும் மறுபக்கம் 60 டிகிரி 18 மினிட் ஆகவும் இருந்தாலும் இதே எண்தான் வரும். அந்தச் சந்தேகம் இருந்தால் நீலம் தடவி ஓட்டுங்கள், இல்லையென்றால் சி.எம்.எம். என்ற அளவு மெஷின் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். விலை கூடிய ஒற்றைப் பாகத்துக்கு அந்தச் செலவு தகும், தினசரி வேலைக்குத் தகாது.

மேலே பார்த்த ஸ்லாட்டை இனி 60 டிகிரிக்குத் திருத்தி வெட்டப் போகாதீர்கள். கோணம் கூடியிருப்பதால் அடி மூலையில் பக்கத்துக்கு 0.07 போல எடுக்க வேண்டிவரும், அப்போது அகலம் நிஜமாகவே டாலரன்ஸைத் தாண்டிவிடும். பார்ட்டி ஒத்துக்கொண்டால், 60 டிகிரி ஸ்லைடின் பக்கம் அடி மூலையில் மட்டும் தொட்டு மேலே 0.06 இடைவெளி விடும் என்பதால், ஸ்லைடின் அந்தச் சாய்வுப் பக்கத்தின் அடிப்பகுதியை ஸ்க்ரேப் பண்ணி ஸ்லாட்டின் கோணத்துக்கே கொண்டுவரலாம். ஜிப் பட்டையால் லூஸை எடுத்துவிட்டு இரண்டு பாகத்திலும் ஒரே ஜோடி நம்பர் அடித்து அனுப்புங்கள். அந்தக் கட்டரை மட்டும் அடுத்த வேலைக்கு மாட்டும் முன் கோணம் பார்த்துவிட வேண்டும்.