முருகனுக்கு மயிலா, யானையா?

முருகன் சன்னதி என்றால் எதிரே மயில் நிற்கும் என்பதே நம் பழக்கம். சுவாமிமலைக்குப் போனால் அந்த இடத்தில் யானை நிற்கிறது. முதல்முறை போகிறவர்கள், வேறு சன்னதிக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தயங்குவதுண்டு.

இரண்டில் யானைக்கும் பழமை உண்டு. திருமுருகாற்றுப்படையில் அலைவாய் முருகன், அதாவது திருச்செந்தூர் முருகன், வருவது யானை மேல்தான். அரசன் போர்க்களத்துக்கு எப்படிப் போவானோ அப்படி. திருத்தணியிலும் எதிரே நிற்பது யானைதான், ஆனால் கதை மாறுகிறது. தெய்வானையோடு இந்திரன் சீதனமாகக் கொடுத்த ஐராவதம் அது. அது போனதும் தேவலோகத்தின் செல்வம் குறையவே, இந்திரன் முறையிட்டானாம். அதனால்தான் அங்கே யானை சுவாமியைப் பார்க்காமல் வெளிப்பக்கம், இந்திரனின் கிழக்குத் திசையைப் பார்த்து நிற்கிறது. ஆக, யானை வெற்றியும் செல்வமும். அதுவும் இன்னொருவர் தந்த செல்வம்.

மயில் யாரும் தந்த பரிசு அல்ல என்கிறது கந்தபுராணம். கடல் நடுவே மாமரமாய் நின்ற சூரபன்மனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் சீறி வந்தன. முருகன் அவற்றைக் கொல்லவில்லை. மயிலை வாகனமாக்கினான், சேவலைக் கொடியில் ஏற்றினான். நேற்றுவரை எதிர்த்து நின்ற ஆணவம் இன்று முதுகு கொடுத்துச் சுமக்கிறது.

எனக்கு மயில்தான் ஒரு படி மேல். யானை முருகனின் பெருமையைச் சொல்கிறது. மயில், பகைவனை அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்கிறது.