படத்தில் வந்த குறளை அலகிட: கையா, மென்பொருளா?

வினாத்தாளைப் படம் பிடித்து அனுப்பி, "அலகிட்டு வாய்பாடு தருக" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. விடை காண இரண்டு வழிகள். ஒன்று, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பாட்டைத் தாளில் எழுதிக்கொண்டு கையால் அலகிடுவது. மற்றொன்று, கூகுள் லென்ஸ் போன்ற எழுத்துணரியால் படத்தை எழுத்தாக்கி, அவலோகிதம் போன்ற யாப்பு மென்பொருளில் ஒட்டுவது. சீர், அசை, தளை, தொடை, பா வகை எல்லாவற்றையும் அது நொடியில் பிரித்துத் தந்துவிடும்.

குறள் வெண்பா அளவில் நான் கைவழியின் பக்கம். வேகத்தில் மென்பொருள்தான் முந்தும். அதில் வாதமே இல்லை. கையால் ஒரு குறளுக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். ஆனால் கணக்கு வேகத்தில் இல்லை, பிழை வெளியே தெரிகிறதா என்பதில் இருக்கிறது. மென்பொருள் தனக்குத் தரப்பட்ட எழுத்தைச் சரியாகவே அலகிடும். தரப்பட்ட எழுத்து படத்தில் உள்ள எழுத்துதானா என்பது அதற்குத் தெரியாது.

391ஆம் குறளை எடுத்துக்கொள்வோம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

கையால் அலகிடும்போது முதல் வேலை அசை பிரிப்பது அல்ல, சீரை எண்ணுவது. முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று இருக்க வேண்டும். வினாத்தாளில் பத்தி குறுகலாக இருந்தால் நான்காம் சீர் மடங்கிக் கீழே விழுந்திருக்கும். எழுத்துணரி அதைத் தனி அடியாக எடுத்துக்கொள்ளும். குறள் மூன்றடிப் பாட்டாகிவிடும். கண்ணால் பார்ப்பவர் இதில் ஏமாறுவதில்லை.

பிறகு ஒவ்வொரு சீரின் கீழும் கோடிட்டுப் பிரிக்க வேண்டும். குறிலோ நெடிலோ தனியே வந்தால் நேர். குறிலை அடுத்து ஒற்று வந்தாலும் நேர். குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. ஒற்று எப்போதும் முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், தனி அலகு பெறாது. அப்படிப் பிரித்தால்:

கற்/க – நேர் நேர் – தேமா
கச/டறக் – நிரை நிரை – கருவிளம்
கற்/பவை – நேர் நிரை – கூவிளம்
கற்/றபின் – நேர் நிரை – கூவிளம்
நிற்/க – நேர் நேர் – தேமா
அதற்/குத் – நிரை நேர் – புளிமா
தக – நிரை – மலர்

இனித் தளை. மாச்சீருக்குப் பின் நிரையும் விளச்சீருக்குப் பின் நேரும் வந்தால் இயற்சீர் வெண்டளை; காய்ச்சீருக்குப் பின் நேர் வந்தால் வெண்சீர் வெண்டளை. தேமாவை அடுத்துக் "கச" நிரை. கருவிளத்தை அடுத்துக் "கற்" நேர். இப்படியே கடைசி வரை பார்த்தால் ஆறு இடத்திலும் இயற்சீர் வெண்டளைதான். ஈற்றடி மூன்று சீரால் வந்த சிந்தடி, ஈற்றுச்சீர் மலர். விடை முடிந்தது.

இதே படத்தை எழுத்துணரிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? தமிழ் அச்சில் முதலில் காணாமல் போவது புள்ளி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அளவு சுருங்கும். நிழல் விழுந்திருந்தாலோ தாள் மடிந்திருந்தாலோ புள்ளி மங்கி எழுத்தின் மேற்கோட்டோடு கலந்துவிடும். "கசடறக்" என்பது "கசடறக" என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது கச/டற/க: நிரை நிரை நேர், கருவிளங்காய். அடுத்த சீர் நேரில் தொடங்குகிறது. காய் முன் நேர், வெண்சீர் வெண்டளை. எங்கும் தளை தட்டவில்லை. மென்பொருள் குறள் வெண்பா என்றே சொல்லும், சிவப்புக் குறி எதுவும் வராது. ஆனால் வாய்பாடும் தளையும் ஒரு சீரில் தவறு. விடைத்தாளில் அந்தச் சீருக்கு மதிப்பெண் போகும்.

"கற்றபின்" கடைசிப் புள்ளியை இழந்தாலும் இதே கதை. கற்/றபி/ன: கூவிளங்காய். அடுத்து "நிற்" நேர். மீண்டும் குற்றமில்லாத வெண்பா.

இதற்கு நேர்மாறாக "அதற்குத்" தன் கடைசிப் புள்ளியை இழந்தால் அதற்/குத: நிரை நிரை, கருவிளம். அடுத்து வரும் "தக" நிரை. விளம் முன் நிரை வந்தால் வெண்டளை போயிற்று, மென்பொருள் உடனே காட்டிக்கொடுக்கும். "நிற்க" புள்ளி இழந்து "நிறக" ஆனால் அது நிரையில் தொடங்கும். முன்னிருக்கும் கூவிளத்தோடு மோதும். அதுவும் வெளியே தெரியும்.

ஏன் சில பிழை தெரிகிறது, சில தெரிவதில்லை? விளமும் காயும் ஒரே தேவை உடையவை, இரண்டுக்கும் பின்னால் நேர் வேண்டும். ஆகவே ஒற்றில் முடியும் விளச்சீர் புள்ளி இழந்து காய்ச்சீராக மாறினாலும் பின்சீருக்கு எதுவும் தெரியாது. மாச்சீர் அப்படி அல்ல. அது விளமாகவோ காயாகவோ மாறினால் பின்சீரின் தேவையே தலைகீழாகிவிடும். காய்ச்சீரின் நடு அசை இன்னும் மோசம். அது நேரானாலும் நிரையானாலும் சீர் காயாகவே நிற்கும், தளையில் எதுவும் தெரியாது. முதற்குறளின் "எழுத்தெல்லாம்" எழுத்/தெல்/லாம், புளிமாங்காய். ல் மேலுள்ள புள்ளி போனால் எழுத்/தெல/லாம், கருவிளங்காய். த் மேலுள்ள புள்ளி போனாலும் எழு/ததெல்/லாம், அதே கருவிளங்காய். இரண்டிலும் தளை சரி, வாய்பாடு தவறு.

பாட்டின் முதற்சீரிலும் ஓர் ஓட்டை உண்டு. அதற்கு முன்சீர் கிடையாது என்பதால் முதலசை மாறினால் மோதுவதற்கு ஆளில்லை. "கற்க" என்பது "கறக" ஆனால் தேமா புளிமாவாகும். இரண்டும் மாச்சீர், அடுத்து நிரைதான் வேண்டும். சத்தமில்லாமல் போய்விடும்.

ஆக, மென்பொருளையே நம்புகிறவர்கள் "தளை தட்டவில்லை, அதனால் சரி" என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது. முதற்சீரையும் விளம், காய் என்று வந்த சீர்களையும் மட்டும் மறுபடி படத்தில் பெரிதாக்கிப் புள்ளி பார்த்தால் பெரும்பாலும் போதும். மேலே உள்ள 391இல் அப்படிப் பார்க்க வேண்டியவை நான்கே சீர்கள்தான். கால் என்பதை ர என்று படிக்கும் பழைய நோயைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். "நற்றாள்" "நற்றரள்" ஆனால் தேமா கூவிளமாகி அடுத்த சீரோடு முட்டும். படிக்கும்போதே கண்ணிலும் படும். ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகும் பிழை ஒற்றுக்கு முன் வந்தால் அலகை மாற்றாது, வேறிடத்தில் மாற்றக்கூடும்.

கைவழியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் பதம் பிரித்த அச்சு. பாட்டைச் சீர் பிரித்து அச்சிடுவது ஒன்று, பொருள் விளங்கப் பதம் பிரித்து அச்சிடுவது வேறொன்று. "அகர முதல எழுத்து எல்லாம் ஆதி" என்று வினாவில் இருந்தால் அப்படியே ஒட்டினால் முதலடியில் ஐந்து சீர் வரும். புளிமாவுக்குப் பின் "எல்" நேர் வந்து தளையும் தட்டும். இது நல்ல பிழை, தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. ஆபத்து, அதைத் திருத்துகிறேன் என்று இடைவெளியை மட்டும் எடுத்து "எழுத்துஎல்லாம்" என்று ஒட்டுவதில்தான். எழுத்/துஎல்/லாம்: மறுபடியும் அந்தக் கருவிளங்காய், மறுபடியும் தளை சரி. குற்றியலுகரத்தைக் கெடுத்து "எழுத்தெல்லாம்" என்று புணர்த்திய பிறகே அலகிட வேண்டும். கையால் எழுதுபவர் சீராகச் சேர்த்து எழுதும்போதே வாய் அந்த உகரத்தை விட்டுவிடும்.

மெய்யீறு இரு சீருக்கு நடுவே பிரிந்திருந்தால் கவலையே இல்லை. "கற்றதனா லாய" என்றாலும் "கற்றதனால் ஆய" என்றாலும் கூவிளங்காய், தேமாதான். ஒற்றுக்கு அலகு இல்லை என்பதால் அது எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான்.

ஐகாரத்திலும் ஒரு நிதானம் வேண்டும். "அன்னையும்" என்பதில் ஐகாரக்குறுக்கம் கொண்டால் அன்/னையும், கூவிளம். ஐயை நெடிலாகவே எண்ணினால் அன்/னை/யும், தேமாங்காய். இங்கும் விளமும் காயும்தான் மாறி நிற்கின்றன, தளை எதையும் சொல்லாது. சொல்லின் இடையிலும் கடையிலும் வரும் ஐகாரம் குறுகும் என்ற விதியை அலகிடுபவர்தான் நினைவில் வைக்க வேண்டும்.

மென்பொருள் வழிக்கு நியாயமான இடமும் உண்டு. குறள் என்று தெரிந்தால் படத்தை எழுத்தாக்கும் வேலையே வேண்டாம். மதுரைத் திட்டம் போன்ற மின்தொகுப்பிலிருந்து பாட்டை எடுத்து ஒட்டினால் புள்ளிச் சிக்கல் பெரிதும் நீங்கும். ஆனால் "தளை தட்டும் இடத்தைக் காண்க" என்ற வகை வினாவில் ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றியிருப்பார். அங்கே தொகுப்புப் பாடம் விடையையே அழித்துவிடும். எழுத்துணரிதான் வேண்டும் என்றால் படத்தை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்வது நல்லது, அளவு சுருங்காது. வினா எண்ணும் மதிப்பெண்ணும் பாட்டோடு ஒட்டி வராதபடி வெட்டிவிட வேண்டும்.

நாற்பது ஐம்பது அடி ஓடும் ஆசிரியப்பாவைக் கையால் அலகிடுவது வீண் வேலை என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். எதுகை மோனையைத் தேடுவதிலும் சீரை எண்ணுவதிலும் மென்பொருள் சலிக்காது. நீண்ட அகவல்களைப் படத்திலிருந்து எடுத்து ஓட்டிப் பார்த்த பழக்கம் எனக்குக் குறைவுதான். ஆனால் ஒன்றை விதியிலிருந்தே சொல்லலாம். வெண்பாவில் பிற தளை வரவே கூடாது என்பதால் பாதிப் பிழையாவது சிக்குகிறது. ஆசிரியப்பா பிற தளைகளையும் ஏற்கும். ஆகவே அங்கே புள்ளி போன சீர் மாச்சீராக இருந்தாலும்கூடத் தளை காட்டிக்கொடுக்காது. விளம், காய் மட்டும் பார்த்தால் போதும் என்ற குறுக்குவழியும் அங்கே செல்லாது, ஒவ்வொரு சீரையும் படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியதுதான்.