பில்லை ஸ்கேன் செய்து பெயர் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்கிறேன். போன வருடத்துக் கொள்முதல் பில்கள் மொத்தம் 1,212. எல்லாமே ஒற்றைப் பக்கம். ஸ்கேன் செய்து, ஓசிஆர் வழியாக இன்வாய்ஸ் நம்பரைப் படித்து, அதையே ஃபைல் பெயராக வைத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். பக்கத்துக்கு 2 ரூபாய். பணத்தை முழுசாகக் கொடுத்துவிட்டோம்.

பென்டிரைவில் வந்தது 1,131 ஃபைல். மீதி 81 எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வெத்துப் பக்கம்ங்க" என்றார். ஒவ்வொரு பில்லையும் எண்ணிக் கொடுத்தவனே நான்தான். அதில் வெத்துப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

118.pdf-ஐத் திறந்தேன். பைப் வியாபாரியின் பில். ஆனால் பெயிண்ட் சப்ளையரிடமும் 118 உண்டு, எலக்ட்ரிக்கல் சப்ளையரிடமும் உண்டு. ஜிஎஸ்டி விதிப்படி அந்த நம்பர் ஒரே வியாபாரிக்குள், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருந்தால் போதும். இரண்டு வியாபாரிகளுக்கு ஒரே நம்பர் வருவது சாதாரணம். அவருடைய புரோகிராம் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, கடைசியாக வந்ததை மட்டும் விட்டுவைத்திருந்தது. இப்படிப் போனது 36.

மீதி 45 போன விதம் இன்னும் மோசம். ஒரு ஃபைலின் பெயர் 33 என்று தொடங்கி 15 எழுத்து இருந்தது. அது இன்வாய்ஸ் நம்பரே இல்லை, சப்ளையருடைய ஜிஎஸ்டி நம்பர். அவருடைய பில்லில் வலப்பக்கக் கட்டத்தில் மேலே "Invoice No." என்ற தலைப்பும், கீழே நம்பரும் இருக்கும். ஓசிஆர் வரி வரியாக இடமிருந்து வலமாகப் படித்ததால், தலைப்புக்கு அடுத்த வரியில் முதலில் வந்த இடப்பக்க ஜிஎஸ்டி நம்பரைப் புரோகிராம் எடுத்துக்கொண்டது. அவருடைய 46 பில்லுக்கும் அதே பெயர். மிஞ்சியது ஒன்று.

சரி, ஸ்கேன் செய்த அசல் ஃபைல்களைக் கொடுங்கள் என்றேன். அவற்றின் பெயரையே மாற்றிவிட்டாராம், தனியாகக் காப்பி எடுக்கவில்லையாம். பணத்தையும் திருப்பித் தரவில்லை. இதைத்தான் நான் ஏமாற்று வேலை என்கிறேன். தவறு எந்த புரோகிராமிலும் வரும். எண்ணிக்கை குறைந்தது தெரிந்தும் பொய் சொல்லிக் கொடுத்தார்.

இந்த வேலையைக் கொடுப்பதற்கு முன்னால் அசல் ஸ்கேன் அத்தனையும் தனி ஃபோல்டரில் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பெயரில் சப்ளையர், தேதி, நம்பர் மூன்றும் இருக்கட்டும். பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் உள்ள பட்டியலையும் கேளுங்கள். லினக்ஸில் செய்பவராக இருந்தால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்:

```
mv -n scan_0412.pdf 118.pdf
```

118.pdf ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடாது, scan_0412.pdf பழைய பெயரிலேயே நிற்கும். எது சிக்கியது என்று உடனே தெரிந்துவிடும். வெறும் mv என்றால் பெரும்பாலும் கேட்காமலே மேலெழுதிவிடும்.

காகிதங்கள் எங்களிடமே இருந்ததால் தப்பித்தோம். கடைப் பையனும் நானும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்த 81 பில்லையும் தேடி எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்தோம்.