இரண்டு தலைப்பு, 280 பேர், ஒரு பொய் வெற்றி: எட்டு மாத அனுபவம்

ஹப்புத்தளையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். அதற்கென்று ஒரு சின்ன இணையத்தளம் உண்டு. மாதம் 600 பேர் வந்தால் அதிகம். தலைப்பை மாற்றிப் பார்க்கும் ஒரு கருவியை எட்டு மாதமாகப் பாவிக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரு தலைப்பையும் மீதிப்பேருக்கு மற்றதையும் அது காட்டும்.

ஏ: "ஹப்புத்தளையில் குடும்பத்தோடு தங்க". பி: "லிப்டன் சீட்டில் விடியல் பார்க்க ஓர் அறை". இரண்டு வாரத்தில் ஏ-யைப் பார்த்த 142 பேரில் 4 பேர் அறை கேட்டு எழுதினார்கள். பி-யைப் பார்த்த 138 பேரில் 9 பேர். கருவி பி-க்குப் பச்சை நிறம் காட்டியது. "இரண்டு மடங்குக்கு மேல மச்சான், உடனே மாத்து" என்றான் கூட இருந்தவன். எனக்கும் கை துருதுருத்தது.

நல்ல வேளை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தலைப்புக்கும் ஒரே பலன்தான் என்றாலும், இவ்வளவு பெரிய இடைவெளி ஏழு தடவைக்கு ஒரு தடவை தானாகவே வரும். நான் "வெற்றி" என்று நினைத்தது வெறும் ஐந்து பேர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் தனித்தனி போனில் கேட்டிருந்தாலே பாதிக் கதை முடிந்தது.

அதனால் நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஆறு வார முடிவில் ஏ 430-க்கு 19, பி 425-க்கு 20. அவ்வளவுதான், பச்சை போய்விட்டது.

அப்புறம் ஒரு விளையாட்டு செய்தேன். இரண்டு பக்கமும் ஒரே தலைப்பைப் போட்டு இரண்டு வாரம் விட்டேன். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 8! கருவி வாங்குகிற எவரும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். காசும் மிஞ்சும்.

நூற்றுக்கு நாலரைப் பேர் கேட்கும் இடத்தில் அது ஆறாகிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு அறிய, ஒரு தலைப்புக்குச் சுமார் 3,500 பேர் வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு அது ஒரு வருடம். அதற்குள் ஏப்ரல் விடுமுறைக் கூட்டம், மழைக்காலம் எல்லாம் வந்து போய்விடும். நான் செய்த இன்னொரு தப்பு, தினமும் காலையில் எட்டிப் பார்த்தது. பச்சை தெரிகிற நாளில் நிறுத்துவேன் என்றால் ஏதாவதொரு நாள் பச்சை தெரியத்தான் செய்யும்.

இப்போது அறை கேட்பவர்களை எண்ணுவதில்லை, அறைப் படங்களைத் திறப்பவர்களை எண்ணுகிறேன். நூற்றுக்கு இருபது பேர் திறக்கிறார்கள். அது இருபத்தாறாகிறதா என்று பார்க்க ஒரு தலைப்புக்குச் சுமார் 800 பேர் போதும், மூன்று மாதத்துக்குள் முடியும். படம் பார்த்தவர் எல்லாம் பெட்டியோடு வந்து இறங்குவதில்லைதான். முடிவுத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அதுவரை கருவியைத் திறப்பதில்லை. மனைவியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.