ஸ்கூட்டர் கியர் ஆயில்: கிலோமீட்டர் கணக்கா, மழைக் கணக்கா?

எங்கள் வீட்டில் இரண்டு ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்கள். என்னுடையது வியாசர்பாடியிலிருந்து மணலிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருவது. மச்சானுடையது கொடுங்கையூரில் நிற்பது, பெரும்பாலும் தண்டையார்பேட்டை மார்க்கெட் சுமைதான். என் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் கணக்கில் கியர் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். அவனோ அதைத் தொட்டதே இல்லை, ஒழுகினால் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. இரண்டு கணக்கும் வடசென்னையில் செல்லாது என்று எனக்குப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்த ஆயிலைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். இன்ஜின் ஆயில் வேறு. பெல்ட்டும் கிளட்ச்சும் இருக்கும் அறையில் ஆயிலே இருக்கக் கூடாது, அது காய்ந்த அறை. கிளட்ச்சுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நான்கு பல்சக்கரங்கள், கிளட்ச்சின் வேகத்தை ஏறத்தாழ ஒன்பது, பத்தில் ஒரு பங்காகக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. அதில் இருக்கும் ஆயில் வண்டிக்கு வண்டி மாறினாலும் பெரும்பாலும் 100 மில்லியை ஒட்டியே இருக்கும். என் வண்டிக்கு 120 மில்லி. ஒரு டீ டம்ளர் நிறையாத அளவு. அளந்து பார்க்க இன்ஜினில் இருப்பதுபோல் குச்சியும் கிடையாது.

இந்த ஆயில் இன்ஜின் ஆயில்போல் கறுத்துப் போகாது. உள்ளே பெட்ரோல் எரிவதில்லை, கரி சேர்வதில்லை. பல்சக்கரம் தேய்ந்து வரும் மெல்லிய பொடியைத் தவிர அதைக் கெடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. அதனால்தான் கையேடுகள் பல ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளி கொடுக்கின்றன. காய்ந்த சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த எண் சரியானதே. முதல் முறை மட்டும் சீக்கிரம் மாற்றச் சொல்வார்கள். புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் பொடி அப்போதுதான் அதிகம்.

ஆனால் கையேட்டு எண்ணில் தண்ணீர் சேரவில்லை. பின் சக்கர அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரம்தான். கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ எங்கள் தெருவிலோ முழங்காலுக்குப் பாதி தண்ணீர் நின்றாலே பெட்டி மூழ்கிவிடும். பெட்டிக்கு மூச்சு விட ஒரு சின்னத் துளையோ ரப்பர் குழாயோ உண்டு. சூடேறிய பெட்டி திடீரெனக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். மூச்சுத் துளையைத் தண்ணீர் மூடியிருந்தால் அந்தத் தண்ணீரையே இழுக்கும். ஆயில் சீலின் உதடும் உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் தடுக்கச் செய்ததுதான். வெளியே இருக்கும் தண்ணீரை அந்த அளவுக்கு அது தடுக்காது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் வண்டி தெருவிலேயே நின்றது. தண்ணீர் வடிந்ததும் இன்ஜின் ஆயில் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், வண்டி கிளம்பிவிட்டது. கியர் ஆயில் மாற்ற இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் பாக்கி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, நாற்பதுக்கு மேல் போய் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ஊளை கேட்டது. டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் பால் கலந்த காபி நிறத்தில் இறங்கியது. அளந்து பார்த்தேன், 150 மில்லி. ஊற்றியது 120, இறங்கியது 150! கூடுதலாக வந்த 30 மில்லியும் மழைத்தண்ணீர்தான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தபோது அடியில் கொஞ்சம் தண்ணீர் தனியாகவே பிரிந்து நின்றது.

அதனால் இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: வண்டி அச்சளவு தண்ணீரில் நின்றாலோ ஓடினாலோ அந்த வாரமே மாற்றுவது. நிற்காவிட்டாலும் மழைக்காலம் முடிந்த ஜனவரியில் ஒரு தடவை. நடுவே கையேட்டு எண் வந்துவிட்டால் அப்போதும். 120 மில்லி ஆயிலின் விலையைப் பேரிங் மாற்றப் பெட்டியைப் பிரிக்கும் கூலியோடு வைத்துப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம். மேம்பாலமும் காய்ந்த சாலையுமாகவே ஓடும் வண்டிக்கு இது தேவையில்லை, அவர்கள் கையேட்டையே பின்பற்றலாம்.

காபி நிறத்தில் வந்தால் ஒரு தடவை மாற்றியது போதாது. இறக்கிய பின்னும் பல்சக்கரத்திலும் பேரிங்கிலும் ஈரம் ஒட்டியிருக்கும். புது ஆயில் ஊற்றி, பத்து கிலோமீட்டர் ஓட்டி, சூடாக இருக்கும்போதே இறக்கி, மறுபடி புதிது ஊற்றினேன். பத்து கிலோமீட்டர் ஓட்டி இறக்கியது லேசாகக் கலங்கியிருந்தது, அடுத்த வாரம் சோதித்தபோது தெளிவு. ஊளை குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பேரிங்கில் துரு பிடிக்க இரண்டு மாதம் போதுமானதாக இருந்திருக்கிறது.

மாற்றும் வேலை கடினமில்லை. ஆனால் வரிசை முக்கியம். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றால், இறக்காத ஆயிலாவது உள்ளே இருக்கும். அப்புறம்தான் கீழே இருக்கும் போல்ட். இறங்குவதைக் கோடு போட்ட கப்பில் பிடித்து அளக்க வேண்டும், அந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்லும். போல்ட்டின் அலுமினிய வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். பெட்டியும் அலுமினியம், முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும். ஊற்ற மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச் போதும். கைக்கு வந்த அளவு ஊற்றக் கூடாது. அளவு மீறினால் சூட்டில் மூச்சுத் துளை வழியாகத் துப்பும், பார்ப்பவர்கள் சீல் போய்விட்டது என்பார்கள்.

இனி ஒழுக்கு. இங்கேதான் மச்சான் கதை வருகிறது. "மாமா, பின் பிரேக்கு புடிக்கவே மாட்டேங்குது. ஷூவ மாத்தி மூணு மாசம்தான் ஆகுது" என்று வந்து நின்றான். சக்கரத்தின் உட்பக்க ரிம்மில் டிரம்மிலிருந்து வெளிப்பக்கமாகத் தெறித்த கோடுகள், அதில் ஒட்டிய தூசு. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. அவன் போன கடையில் ஆயில் குறைந்திருக்கும், மேலே ஊற்றினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கியர் பெட்டியிலிருந்து ஆயில் வெளியே வர முக்கியமான வழிகள் மூன்று. மூன்றையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. டிரெயின் போல்ட் ஓரம் கசிந்தால் வாஷர் மாற்றினால் தீர்ந்தது, அவசரமில்லை, கீழே ஒரு பொட்டு விழும், அவ்வளவே. பெல்ட் அறைக்குள் கசிந்தால் பெல்ட் வழுக்கும், இழுவை குறையும், நாளடைவில் பெல்ட் கெடும். அந்த அறையில் ஆயில் பார்த்ததும் கியர் பெட்டி மேல் பழி போட்டுவிடவும் கூடாது. முன்பக்கம் இன்ஜின் தண்டின் சீலும் அதே அறைக்குள்தான் கசியும். முன்பக்கம் நனைந்து ஆயில் கறுப்பாக இருந்தால் அது இன்ஜின் ஆயில், இன்ஜின் குச்சியிலும் அளவு குறைந்திருக்கும். கிளட்ச்சுக்குப் பின்னால் நனைந்து நிறம் வெளிறியிருந்தால் கியர் பெட்டி சீல்.

மூன்றாவது வழி சக்கரப் பக்கத்துச் சீல். டிரம் பிரேக் வண்டியில் அந்தச் சீலுக்கு அடுத்து இருப்பது பிரேக் ஷூதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும் வண்டியில் இதை மேலே ஊற்றி ஓட்டுவது எனக்கு ஏற்கவே முடியாத யோசனை. ஊற்றும் ஒவ்வொரு சொட்டும் ஷூவுக்குத்தான் போகும். கெட்டியான ஆயில் ஊற்றினால் நிற்கும் என்பார்கள் சிலர். கிழிந்த சீல் உதட்டில் கெட்டி ஆயில் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். சில வண்டிகளுக்கு இன்ஜின் ஆயில் தரமே கியர் பெட்டிக்கும், சிலவற்றுக்குத் தனி கியர் ஆயில். கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுதான்.

மச்சான் வண்டியில் இறங்கியது 70 மில்லி, சாம்பல் நிறம். விரலில் தேய்த்தால் நுண்ணிய மினுமினுப்பு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், லேசாக லொடலொடவென்று ஆடியது. அப்போதே தெரிந்துவிட்டது, சீல் மட்டும் மாற்றுவது வீண். அச்சு ஆடினால் சீல் உதடு ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் விலகும். புதுச் சீலும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும். அதனால் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் பெட்டியைப் பிரித்து அச்சு பேரிங்கும் சீலும் சேர்த்தே போடச் சொன்னோம். அவர் அச்சில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அச்சையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். நல்ல வேளை, வழவழப்பாகவே இருந்தது. மூச்சுக் குழாயில் மண் அடைத்திருந்ததையும் எடுத்தார். அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசிய வைக்கும்.

ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடலாமா என்று மச்சான் கேட்டான். வேண்டாம் என்று நானும் அண்ணனும் ஒரே குரலில் சொன்னோம். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், நாலு தடவை சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும். டிரம்மைத் துடைத்துச் சுத்தம் செய்து, ஷூ புதிதாகப் போட்டோம்.

இரண்டு மாதம் கழித்து, சந்தேகம் தீர, அவன் வண்டியில் ஆயிலை இறக்கி அளந்தேன். 120 ஊற்றியதில் 117 வந்தது. மீதி மூன்று மில்லி பெட்டிக்குள் பல்லிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும். ரிம்மின் உட்பக்கம் துணியால் துடைத்துப் பார்த்தோம், தூசு மட்டும்தான் வந்தது.