ஜி.எம்.டி-யில் காண்டூர்: ஏரிக்கரை ஓரத்தில் மட்டும் தீராத தொல்லை

ஏரி தூர்வாரும் வேலைக்கு லெவல் எடுத்து வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "காண்டூர் வரைய நீங்க ஜி.எம்.டி-தானே வெச்சிருக்கீங்க, நம்பலாமா?" என்று கேட்டார். பல வருஷமாக அந்த மென்பொருளின் `surface` கட்டளையில்தான் என் வேலை ஓடுகிறது. போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஏரியின் உள்பரப்புக்கு இதை மிஞ்ச எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை. இருபது மீட்டருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் ஸ்பாட் லெவல்களைக் கொடுத்தால், அனுபவமுள்ள டிராஃப்ட்ஸ்மேன் கையால் போட்டதுபோலக் கோடுகள் வழுவழுப்பாக வருகின்றன. முக்கோணங்களாகப் பிரித்து வரையும் முறையில் இதே இடத்தில் கோடு ஒவ்வொரு முக்கோண விளிம்பிலும் உடைந்து திரும்பும்.

தொல்லை கரை ஓரத்தில் ஆரம்பிக்கிறது. ஏரித்தரை 92 மீட்டர், கரை மேல்மட்டம் 95.5 என்று வைத்துக்கொள்வோம். கரையடியில் புள்ளி எடுக்கவில்லை. தரையின் கடைசிப் புள்ளிக்கு இருபது மீட்டர் தள்ளி நேராகக் கரை மேல் புள்ளி. மூன்றரை மீட்டர் ஏற்றத்தை முடிந்தவரை குறைந்த வளைவோடு கடக்க, பரப்பு முதலில் கீழே இறங்கி எழுகிறது. சாதாரண கியூபிக் ஸ்ப்ளைனில் கணக்குப் போட்டால் அந்த இறக்கம் ஏற்றத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 38 செ.மீ. கால் மீட்டர் காண்டூரில் 91.75 கோடு கரையை ஒட்டி நீளமாக மூடிக்கொள்ளும். அதற்கு உள்பக்கம் பத்து செ.மீ. அளவில் ஒரு பொய் மேடும் எழும்.

கரை போட மண் வெட்டிய பள்ளம் நிஜத்தில் இருப்பதும் இதே இடத்தில்தான். அதனால் தாளைப் பார்ப்பவர் சந்தேகப்படவே மாட்டார். கொள்ளளவுக் கணக்கிலும் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நாலரைக் கன மீட்டருக்கு மேல் இல்லாத பள்ளம் சேர்ந்துவிடும். பொய் மேடு அதில் கால்வாசியைத்தான் ஈடுகட்டும்.

இதற்கு மருந்தாகத்தான் இழுவிசை இருக்கிறது. ஸ்மித்தும் வெஸ்ஸலும் 1990-இல் வெளியிட்ட முறை இது:

```
gmt blockmedian eri.txt -R0/600/0/400 -I2 > b.txt
gmt surface b.txt -R0/600/0/400 -I2 -T0.35 -Geri.grd
```

`-T`-தான் அந்த இழுவிசை, கொடுக்காவிட்டால் பூஜ்யம். மேலே சொன்ன பள்ளம் முழுசாக வரும். 1 கொடுத்தால் புள்ளிகள் இல்லாத இடத்தில் மேடோ பள்ளமோ உருவாகவே வழியில்லை. ஆனால் தரை முழுவதும், கம்பு நட்ட இடத்தில் மட்டும் கூம்பி நிற்கும் பந்தல் துணிபோல, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கோடுகள் இழுபடும். செங்குத்தான நிலத்துக்கு 0.35 என்கிறது கையேடு. அதில் பள்ளம் சுருங்குகிறது, போவதில்லை. கரைக்கு ஒரு இழுவிசை, தரைக்கு ஒன்று என்று தர முடியாது. உள்பகுதி முழுவதற்கும் ஒரே எண்தான். என் கோபமெல்லாம் இதன் மேல்தான். ஒரு வார்த்தை கேட்காமல் மௌனமாகப் பள்ளம் தோண்டிக் கொடுக்கிறது.

`-Lld` போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். அது மொத்தத் தரவின் குறைந்தபட்ச லெவலுக்குக் கீழே போகாமல் மட்டும் தடுக்கும். மதகு அருகே 91.2 என்று ஒரு புள்ளி இருந்தால் கரையோரத்து 91.6 பள்ளத்தை அது தொடாது.

கண்டுபிடிக்க நான் நம்புவது ஒன்றுதான். காண்டூரின் மேல் எல்லா ஸ்பாட் லெவலையும் போட்டு, மூடிய வளையம் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பள்ள வளையம் என்றால் அதற்குள் அந்தக் கோட்டைவிடத் தாழ்ந்த புள்ளி ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மென்பொருள் தோண்டியது. அப்புறம் `gmt triangulate` கிரிட்டைக் கழித்துப் பார்ப்பேன். முக்கோணப் பரப்பு தன் மூலைகளைத் தாண்டிப் போகாது என்பதால், வித்தியாசம் கரைக்கு இணையாகப் பட்டையாக ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

நிஜத் தீர்வு வயலில்தான் இருக்கிறது. கரையடியில் வரிசையாகப் புள்ளி எடுக்க வேண்டும், அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தரையில் இன்னொரு வரிசை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் பள்ளம் வந்தாலும் கோட்டில் தெரியுமளவு ஆழமாகாது. `-I`-இல் தரும் கட்ட அளவு பெரிதாக இருந்தால் கரையடியும் மேல்மட்டமும் ஒரே கட்டத்தில் விழுந்து இடைப்பட்ட பொய் லெவலாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு என் பதில்: கரையடிப் புள்ளிகள் உங்கள் கோப்பில் இல்லையென்றால் `surface` வேண்டாம். கரை மேல்மட்டத்தையும் நீங்கள் யூகிக்கும் கரையடியையும் பிரேக்லைனாகக் கொடுத்து முக்கோண முறையிலேயே வரையுங்கள், கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும். நான் `surface`-ஐ விடப்போவதில்லை. அடுத்த ஏரிக்கும் இதுதான்.